குன்னூர்ப் பொறியாளர் எந்த ஆண்டில் எங்கே குடியிருந்தார்: கணக்கெடுப்புப் படிவங்களையும் வாக்காளர் பட்டியல்களையும் வைத்துச் செய்த தேடல்

குன்னூரில் உள்ள பழைய பங்களா ஒன்றின் முகப்பில் புதிய பெயர்ப்பலகை வைப்பதற்காக அதற்கான வாசகத்தைச் சரிபார்த்துத் தரும்படி எங்கள் உள்ளூர் வரலாற்றுக் குழுவிடம் கேட்டிருந்தார்கள். பலகையில் பொறிக்க எண்ணியிருந்த வரி, சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறுப்பு வகித்துப் பின்னர் இங்கிலாந்தில் நகர்மன்ற உறுப்பினராகவும் இருந்த ஒருவர் 1898 முதல் 1912 வரை இந்த வீட்டில் வாழ்ந்தார் என்று கூறியது. அவருடைய வழித்தோன்றல்கள் பலகை திறக்கப்படும் வரை பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் இப்பதிவில் அவரைப் பொறியாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

அந்த இரண்டு ஆண்டுகளும் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் பார்த்தோம். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து பெற்ற கிரயப் பத்திர நகல்களில் வீடு 1898-இல் வாங்கப்பட்டதும் 1912-இல் விற்கப்பட்டதும் தெளிவாக இருந்தன. ஆனால் பத்திரம் சொல்வது உடைமையை மட்டுமே. நீலகிரியில் அக்காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளுள் பலர் வீட்டை வாங்கிப்போட்டுவிட்டு, கோடைப் பருவத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, சமவெளியிலோ சொந்த நாட்டிலோ இருந்திருக்கிறார்கள். எனவே உடைமை ஆண்டுகளை வசித்த ஆண்டுகளாக எழுதிவிட முடியாது. அவர் உண்மையில் எந்தத் தேதியில் எந்த ஊரில் படுத்துறங்கினார் என்று சொல்லும் ஆவணம் வேண்டும்.

இந்தியக் கணக்கெடுப்பு இதற்கு உதவாது. 1901 மார்ச் 1 இரவிலும் 1911 மார்ச் 10 இரவிலும் நீலகிரியில் ஆள் ஆளாக எண்ணினார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆட்களின் விவரம் எழுதப்பட்ட தாள்கள் அட்டவணை போட்டு முடித்ததும் அழிக்கப்பட்டன. நமக்குக் கிடைப்பவை ஊர்வாரித் தொகைகள் மட்டுமே. விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளின் தனிநபர் விவரங்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு எவரும் பார்க்க முடியாதபடி மூடி வைக்கிறது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே 1841 முதல் 1921 வரையிலான கணக்கெடுப்புகளில் ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு ஆளும் பெயரோடு பதிவாகியிருக்கிறார். நூறு ஆண்டு மூடல் முடிந்தவற்றை இணையத்தில் கட்டணம் செலுத்திப் படமாகவே பார்க்கலாம். 1931-ஆம் ஆண்டுப் படிவங்கள் 1942-இல் நேர்ந்த தீவிபத்தில் எரிந்துபோயின. 1941-இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எங்களுக்கு வேண்டிய காலத்துக்கு 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2 என்னும் இரண்டு இரவுகள் இருந்தன. பொறியாளர் இந்தியாவில் இருந்திருந்தால் அந்த இரவுகளின் படிவங்களில் அவர் பெயர் இருக்கக்கூடாது.

1901-ஆம் ஆண்டுக்கான தொகுப்பு RG 13 என்ற குறியின் கீழ் இருக்கிறது. பெயரை அப்படியே தட்டித் தேடியபோது ஒன்றும் வரவில்லை. இங்கே பலர் நின்றுவிடுவார்கள். பெயர் வராததால் அவர் நாட்டில் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் 1901 வரை நமக்குக் கிடைப்பது குடும்பத்தார் நிரப்பிய தாள் அன்று. கணக்கெடுப்பாளர் அந்தத் தாள்களைப் பார்த்துத் தம் புத்தகத்தில் படியெடுத்தது. அந்தப் புத்தகத்தின் கையெழுத்தைப் பிற்காலத்தில் வேறொருவர் படித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார். ஆகத் தவறு நுழைய இரண்டு வாயில்கள் இருக்கின்றன. 1851-இல் லண்டன் சோஹோ பகுதியின் டீன் தெருவில் குடியிருந்த கார்ல் மார்க்ஸைக் கணக்கெடுப்பாளர் சார்லஸ் மார்க் என்று எழுதிவைத்திருப்பது ஆய்வாளர்கள் பலரும் அறிந்த செய்தி. எனவே குடும்பப் பெயரை விட்டுவிட்டு, மனைவியின் முதற்பெயர், இருவரின் வயதில் இரண்டு ஆண்டு கூடுதல் குறைவு, பிறந்த இடம் இந்தியா என்ற மூன்றையும் வைத்துத் தேடினோம். செல்டனாம் நகரில் ஒரு வீட்டில் மூவரும் அகப்பட்டார்கள்: பொறியாளர், மனைவி, சிறிய மகள். படத்தைத் திறந்து பார்த்தபோது குடும்பப் பெயரின் முதலெழுத்தில் இருந்த சுழியை எழுத்தேற்றியவர் வேறெழுத்தாகப் படித்திருப்பது தெரிந்தது.

இந்த வரியை ஊன்றிப் படிக்க வேண்டும். அவர் 1901 மார்ச் 31 அன்று செல்டனாமில் இருந்தார் என்பது நிச்சயம். அங்கே குடியிருந்தாரா என்பது வேறு கேள்வி. குடும்பத் தலைவரோடு உள்ள உறவைக் குறிக்கும் பத்தியில் அந்த வீட்டுத் தலைவராக ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் பெயர் இருந்தது. எங்கள் பொறியாளருக்கு எதிரே விருந்தாளி என்று எழுதியிருந்தது. இங்கிலாந்துக் கணக்கெடுப்பு அன்றிரவு அந்தக் கூரையின் கீழ் இருந்தவரை எண்ணுகிறது. அவருடைய நிரந்தர முகவரியைக் கேட்பதில்லை. வாடகைக்குத் தங்குபவருக்கு ஒரு சொல்லும், விருந்தாளிக்கு வேறு சொல்லும் அதில் வழங்குவதால், விருந்தாளி என்ற சொல் அவருடைய வீடு வேறிடத்தில் இருந்தது என்பதற்கே சான்றாகிறது. தொழில் பத்தியிலும் ஓய்வு என்ற குறிப்பு இல்லை. பணி விடுப்பில் வந்தவர் என்று கொள்வதே பொருத்தம். சென்னை அரசின் பணியாளர் பட்டியல் அவர் 1902 ஏப்ரலில் ஓய்வு பெற்றதாகக் காட்டியது. ஆக 1901 படிவம் குன்னூர் வாசத்தைப் பொய்யாக்கவில்லை. இடையில் ஒரு விடுப்பைச் சேர்த்தது.

பத்தாண்டுக்கு ஓர் இரவு என்ற இடைவெளியை நிரப்ப வாக்காளர் பட்டியலுக்குப் போனோம். இந்தத் தேடலில் மிகவும் பயன்பட்டதும் மிகவும் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1918-க்கு முந்தைய இங்கிலாந்துப் பட்டியலில் ஒருவர் பெயர் ஏற வேண்டுமானால், குடியிருப்போர் என்ற தகுதியில், அவர் ஜூலை 15-ஆம் தேதியோடு முடியும் பன்னிரண்டு மாதங்களும் அந்த நகரில் வீடு வைத்துக் குடியிருந்திருக்க வேண்டும். அந்தத் தகுதியை வைத்து இலையுதிர்காலத்தில் பட்டியல் திருத்தப்பட்டு, அடுத்த ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வரும்; அட்டையில் இந்தப் புதிய ஆண்டுதான் அச்சாகும். எனவே 1904 என்று போட்ட பட்டியலில் ஒருவர் பெயர் இருந்தால், அவர் 1902 ஜூலை 15 முதல் 1903 ஜூலை 15 வரை அங்கே இருந்தார் என்பதே அதன் பொருள். 1904-இல் இருந்தார் என்று அது சொல்லவில்லை. அவர் அந்தப் பட்டியல் வெளிவருவதற்கு முன்பே வீட்டைக் காலி செய்திருக்கவும் கூடும். வாழ்க்கை வரலாற்று நூல்களில் ஓராண்டு தள்ளிப்போன முகவரிகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த அட்டை ஆண்டைத்தான்.

செல்டனாம் பட்டியல்களில் 1900 முதல் 1915 வரை உள்ளவற்றை ஒவ்வோராண்டாகப் பார்த்தோம். சில இணையத்தில் இருந்தன. மற்றவற்றை அந்தப் பகுதியின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் படிகளாகப் பெற்றோம். எங்கள் பொறியாளர் பெயர் 1903 பட்டியலில் இல்லை, 1904-இல் இருக்கிறது. இந்த இருப்பும் இன்மையும் சேர்ந்துதான் பயன் தருகின்றன. 1904-இல் இருப்பதால் 1902 ஜூலை 15-க்குள் அவர் குடிவந்துவிட்டார். 1903-இல் இல்லாததால் 1901 ஜூலை 15-க்குப் பிறகுதான் குடிவந்தார். ஆக, குடிவந்த நாள் இந்த ஓராண்டுச் சாளரத்துக்குள் அடங்குகிறது. 1902 ஏப்ரலில் ஓய்வு என்ற செய்தியை இதோடு பொருத்தினால், ஏப்ரலுக்கும் ஜூலை நடுவுக்கும் இடையில் கப்பலேறி வந்து வீடு எடுத்திருக்கிறார் என்று சாளரம் மூன்று மாதமாகச் சுருங்குகிறது. உள்ளூர் வரியை உரிய நாளுக்குள் கட்டாதவர் பெயரும் விடுபடும் என்பதால், ஒரே ஓர் ஆண்டின் இன்மையை மட்டும் தனியாகச் சான்றாக வைக்கக்கூடாது. இங்கே 1902, 1901, 1900 பட்டியல்களிலும் அவர் இல்லை என்பதால் துணிந்து சொல்கிறோம்.

இங்கே தகுதிப் பத்தியையும் பார்த்தாக வேண்டும். அக்காலத்தில் நிலம் அல்லது வீட்டின் உடைமையாளர் என்ற தகுதியில் கிராமப்புறத் தொகுதிகளில் வாக்கு உண்டு. அவர் அங்கே வசிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் பெயருக்கு எதிரே சொத்தின் இடம் ஒரு பத்தியிலும், அவர் உண்மையில் வசிக்கும் இடம் வேறொரு பத்தியிலும் இருக்கும். இரண்டையும் மாற்றிப் படித்தால் ஒருவரை அவர் கால் வைக்காத ஊரில் குடியேற்றிவிடுவோம். குன்னூர்ப் பத்திரத்தில் எங்களுக்கு இருந்த சிக்கலும் இதேதான். எங்கள் பொறியாளரின் வரியில் தகுதி, வீட்டில் குடியிருப்போர் என்றே இருந்தது.

அவர் பெயர் 1904 முதல் 1908 வரை ஒரே வீட்டில் வருகிறது. 1909-இல் இல்லை. 1910-இல் அதே நகரில் வேறொரு தெருவில் மறுபடியும் வருகிறது. வீடு மாறியதால் பெயர் விடுபட்டிருக்கும் என்று கடந்துபோக எவருக்கும் தோன்றும். ஆனால் ஒரே நகருக்குள் ஒரு வீட்டை விட்டு உடனே இன்னொரு வீட்டுக்குப் போனால் வாக்குரிமை அறுபடாது. அடுத்தடுத்துக் குடியிருந்தது என்ற முறையில் இரண்டு முகவரிகளையும் சேர்த்தே போடுவார்கள். அப்படியானால் விடுபட்டதற்குக் காரணம், குடியிருப்பு நடுவில் உண்மையாகவே அறுபட்டதுதான். தேதிகளைப் போட்டுப் பார்த்தோம். 1908 பட்டியலில் இருப்பதால் 1907 ஜூலை 15 வரை பழைய வீட்டில் இருந்தார். 1910 பட்டியலில் இருப்பதால் 1908 ஜூலை 15-க்குள் புதிய வீட்டில் குடியேறிவிட்டார். எனவே இடையில் உள்ள அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள்தான் அவர் செல்டனாமில் வீடில்லாமல் இருந்திருக்கிறார்.

எங்கே போனார்? பட்டியல் இதற்குப் பதில் சொல்லாது; எந்த மாதங்களில் தேட வேண்டும் என்று சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. சென்னையில் ஆண்டுதோறும் வெளிவந்த அசைலம் பிரஸ் அல்மனாக்கில் ஐரோப்பியக் குடியிருப்பாளர் பெயர்கள் உண்டு. அதில் 1903 முதல் 1912 வரை எல்லா ஆண்டிலும் எங்கள் பொறியாளர் குன்னூரில் இருப்பதாகவே போட்டிருக்கிறது! செல்டனாமில் தொடர்ந்து ஐந்தாண்டு வாக்காளராக இருந்தவரைப் பற்றியும் அப்படியே போட்டிருப்பதால், பழைய வரியை ஆண்டுதோறும் எடுத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று கொண்டு அதை ஒதுக்கினோம். சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்திய அலுவலக ஆவணங்களில், N/2 என்ற வரிசையில் இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டு மாதங்களை மட்டும் பார்த்தபோது, 1908 ஜனவரியில் குன்னூரில் நடந்த ஒரு திருமணப் பதிவு அகப்பட்டது. மணமகள் பொறியாளரின் மூத்த மகள்; சாட்சிகளில் அவருடைய பெயரும் இருந்தது. 1907–08 குளிர்காலத்தில் அவர் மலையில் இருந்தார் என்பது இதனால் உறுதியாயிற்று.

அடுத்து 1911 கணக்கெடுப்பு, RG 14. குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய தாள் பாதுகாக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு இதுதான். கீழே கையொப்பமும் அஞ்சல் முகவரியும் இருக்கின்றன. முகவரி 1910 பட்டியலில் உள்ள இரண்டாவது வீடு. கையொப்பத்தை 1898 கிரயப் பத்திரத்தின் கையொப்பத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்: பெயரின் கடைசி எழுத்திலிருந்து கோடு பின்னோக்கி வளைந்து வந்து முதலெழுத்தின் அடியில் முடிகிறது, இரண்டிலும் அந்தக் கோடு ஒரே இடத்தில் மை மெலிந்து போகிறது. பெயரும் தொழிலும் ஒத்த வேறொருவராக இருக்கலாம் என்ற ஐயம் அதோடு தீர்ந்தது. குடியிருக்கும் அறைகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 11 என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்டத்தில் சமையலறையைச் சேர்க்க வேண்டும், குளியலறையையும் நடைகூடத்தையும் சேர்க்கக்கூடாது என்பது படிவத்தின் விதி. அதை வைத்துப் பார்த்தால் இது ஒருவர் சில மாதம் தங்கிப் போகும் வீடு அன்று, குடும்பம் நிலையாக வாழும் பெரிய வீடு.

இந்தப் படிவத்தில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் பிள்ளைகளின் பிறந்த இடம்தான். 1901-இல் சிறிய மகளுக்கு எதிரே இந்தியா என்று மட்டும் இருந்தது. 1911-இல் தந்தை தம் கையால் குன்னூர், நீலகிரி மலை என்று முழுதாக எழுதியிருக்கிறார், வயது 12. ஏப்ரல் 2 அன்று 12 வயது நிறைந்திருந்தால் அவள் 1898 ஏப்ரல் 3-க்கும் 1899 ஏப்ரல் 2-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். கணக்கெடுப்பே நடக்காத ஆண்டில், கணக்கெடுப்பே கிடைக்காத நாட்டில், குடும்பம் எங்கே இருந்தது என்பதை இந்த ஒரு கட்டம் காட்டிவிடுகிறது. பிள்ளைகள் பலர் உள்ள அதிகாரிகளின் குடும்பத்தில் பிறந்த இடங்களை வயது வரிசையில் எழுதிப் பார்த்தாலே தந்தையின் பணியிட மாறுதல்கள் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஊர்ப்பெயரை வைத்துத் தேடுபவர்கள் Coonoor என்பதோடு Conoor, Connoor, Connor ஆகியவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். எழுத்தேற்றியவர்களுக்கு நம் ஊர்ப்பெயர்கள் பழக்கமில்லை.

கையால் நிரப்பிய தாள் என்பதால் அதை முழு உண்மை என்று கொள்ளவும் முடியாது. பெண்களுக்கு வாக்குரிமை கோரிய எமிலி டேவிசன் 1911 கணக்கெடுப்பு இரவில் நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறைத் தேவாலயத்தில் ஒளிந்திருந்து அந்த முகவரியில் பதிவானார். அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் தம் படிவத்திலும் அவரைச் சேர்த்துவிட்டதால் ஒரே இரவில் இரண்டு இடங்களில் இருக்கிறார். பொதுவாழ்வில் இருந்தவர்களைத் தேடும்போது ஒரு வரி அகப்பட்டதும் நிறுத்திவிடாமல் இரண்டாவது வரி இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

பிந்தைய ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1916, 1917-இல் போரினால் பட்டியல் இல்லை. 1918-இல் முப்பது வயது கடந்த பெண்களுக்கு வாக்கு வந்ததும் மனைவியின் பெயர் முதன்முறையாகக் கணவரின் குடியிருப்பை ஒட்டிய தகுதியில், HO என்ற குறியோடு, அதே முகவரியில் வருகிறது. அதுவரை பட்டியலில் அவர் இல்லாததை வைத்து அவர் வேறெங்கோ இருந்தார் என்று எவரும் எழுதிவிடக்கூடாது.

இதே முறையை நம் மலையின் அரசியல் தலைவர்களுக்குக் கையாளலாமா என்று குழுவில் ஒரு நண்பர் கேட்டார். கணக்கெடுப்புப் பாதி கிடைக்காது என்பதை மேலே சொன்னேன். வாக்காளர் பட்டியல் கிடைக்கும். ஆனால் அது வேறுவிதமாகப் பேசுகிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் வீடு வைத்திருப்பதால் மட்டும் ஒருவரை அங்கே வழக்கமாக வசிப்பவராகக் கொள்ள முடியாது என்கிறது. இங்கிலாந்தின் பழைய உடைமை வாக்குக்கு நேர் எதிர். ஆனால் அதே பிரிவு, நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் பதவிக் கடமைக்காக வெளியூரில் இருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்டபோது எந்தத் தொகுதியில் பதிவாகியிருந்தார்களோ அங்கே வசிப்பவராகவே நீடிக்கலாம் என்கிறது. எனவே உதகை அல்லது குன்னூர்த் தொகுதிப் பட்டியலில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பெயர் தொடர்ந்து இருப்பது, அவர் அந்த ஆண்டுகளில் சென்னையில் குடும்பத்தோடு இருந்தார் என்பதோடு முரண்படாது. மேலும் உயிரோடிருப்பவர்களின் வீட்டு எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்து வெளியிடுவதில்லை என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. மறைந்தவர்களைப் பற்றி மட்டும், அதுவும் பிள்ளைகள் அந்த வீட்டில் இன்னும் குடியிருந்தால் அவர்களைக் கேட்ட பிறகே எழுதுகிறோம்.

பொறியாளருக்கு நாங்கள் போட்ட அட்டவணையில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதன் அட்டை ஆண்டு, அது உண்மையில் பேசும் நாள் அல்லது காலம், அந்தச் செய்தியைத் தந்தவர் யார், வசித்ததைச் சொல்கிறதா, உடைமையைச் சொல்கிறதா, இருந்ததை மட்டும் சொல்கிறதா என்று நான்கு பத்திகள் வைத்தோம். இரண்டாவது பத்தியை வைத்து வரிசைப்படுத்தியதும், 1902 கோடைக்குப் பிறகு குன்னூரில் அவர் வசித்ததற்கு ஒரு குளிர்காலத்தைத் தவிர வேறு சான்று இல்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. 1898 முதல் 1902 வரையிலும் மகளின் பிறப்பு ஊரைத்தான் உறுதிப்படுத்துகிறது, இந்த வீட்டை அன்று.

பலகைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த வாசகம் இது: "இவ்வீட்டை 1898 முதல் 1912 வரை உடைமையாகக் கொண்டிருந்தார். 1902-இல் பணி ஓய்வு பெறும் வரை குன்னூரோடு தொடர்புடையவராக இருந்து, பின்னர் இங்கிலாந்தின் செல்டனாம் நகரில் குடியேறினார். 1908 ஜனவரியில் மகளின் திருமணத்துக்காகக் குன்னூர் வந்திருந்தார்." வாழ்ந்தார் என்ற சொல் வேண்டும் என்று வீட்டின் இன்றைய உரிமையாளர் விரும்பினார். 1898 முதல் 1902 வரையிலான நகராட்சி வீட்டுவரிப் பதிவேட்டில் குடியிருப்பவர் என்ற பத்தியில் அவர் பெயரே இருந்தால் அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறோம். அந்தப் பதிவேட்டைப் பார்க்க இப்போது விண்ணப்பித்திருக்கிறோம்.